சுங்கை சிப்புட் வீட்டுப் படத்தில் மூன்று பதக்க நாடாக்கள்

தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கும்போதுதான் எங்கள் ஊரில் பழைய படங்கள் சுவரைவிட்டு இறங்கும். அப்படி இறங்கிய ஒன்றைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்தார். பெரிய கண்ணாடிச் சட்டம். உள்ளே ராணுவ உடையில் அவருடைய அப்பா. நெற்றியில் கண்ணாடிக்கு மேலே அப்பிய சந்தனமும் குங்குமமும் பல ஆண்டுகள் காய்ந்து தடித்திருந்தன.

“அப்பா நேதாஜி படையில் இருந்தார், தம்பி. நெஞ்சில் இருப்பது அந்தப் பதக்கம்தான். பேரப்பிள்ளைகள் என்ன பதக்கம் என்று கேட்கிறார்கள். உனக்குத்தான் இதெல்லாம் பழக்கமாயிற்றே.”

பழக்கம் என்பது பெரிய வார்த்தை. என் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் விட்டுப்போன படங்களை ஸ்கேன் செய்யப்போய், இப்போது பாதித் தாமான் படங்கள் என் மேசைக்கு வருகின்றன. நாடா படிப்பதை அப்படிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இந்தப் படத்துக்கு எனக்கு ஆன காலம் ஏறக்குறைய ஐந்து வாரம். முதல் வாரம் முழுக்க வீண்.

வீணானதற்குக் காரணம், அது வண்ணப்படம். மார்பில் மூன்று நாடாக்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்று இருந்தன. அந்த வண்ணங்களை வைத்துக்கொண்டு இரண்டாம் உலகப்போர் நாடாக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். பசிபிக் நட்சத்திரம் கிட்டே வந்தது, ஆனால் பொருந்தவில்லை. ஏழாம் நாள் இரவுதான் மீசையைக் கவனித்தேன். மீசை முடி ஒவ்வொன்றும் தூரிகைக் கோடு. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோக்காரர் மேலே வண்ணம் தீட்டிய பிரதி அது. சேலைக்கு என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டுத் தீட்டுவார்கள். பதக்க நாடாவுக்கு யாரைக் கேட்பார்கள்? கையில் இருந்த நிறங்களைப் பூசியிருக்கிறார். வண்ணம் தீட்டிய பிரதியிலிருந்து நாடாவின் நிறத்தைப் படிக்கவே கூடாது. இன்றைக்குக் கணினியில் தானாக நிறமேற்றும் படங்களுக்கும் இதே விதி.

அக்காவிடம் மூலப்படம் உண்டா என்று கேட்டேன். மைலோ டின் ஒன்றில், பழைய அடையாள அட்டைகளுக்கு அடியில், அஞ்சலட்டை அளவில் கிடைத்தது. அதில் அப்பா மட்டுமல்ல, பக்கத்தில் அம்மா நாற்காலியில், மடியில் ஒரு குழந்தை. பெரிதாக்கியவர் அப்பாவை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். வெட்டுப்பட்ட அந்தப் பாதிதான் பிறகு எனக்கு ஆண்டைச் சொன்னது.

மூலப்படத்தை 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தேன். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 47 புள்ளிகள். படத்தில் ஒரு நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர் இருந்தது, ஆக சுமார் 190 புள்ளிகள் என் கையில். பிரிட்டிஷ் பதக்க நாடா அனேகமாக எல்லாமே 32 மில்லிமீட்டர் அகலம். இது தெரிந்தால் நாடாவே அளவுகோலாகிவிடும். தொப்பிச் சின்னம், காலர் சின்னம் எல்லாவற்றின் உண்மை அளவையும் அதைக்கொண்டே கணிக்கலாம். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க வேண்டாம், தாள் கிழிந்து முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். மெல்லிய வகை ஸ்கேனர்களுக்குக் கண்ணாடியின் தடிப்பைத் தாண்டிக் குவியம் கிடைக்காது. அப்போது ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் படம் எடுப்பதுதான் வழி.

நாடாவைத் தொடுவதற்கு முன் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி அச்சிட்ட படங்கள் நிறைய உண்டு. பதக்கங்கள் அணிபவரின் இடது மார்பில் இருக்க வேண்டும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் பூட்டும். இரண்டும் சரியாக இருந்தன. அதனால் வரிசையையும் நம்பலாம். நாடாக்கள் மார்பின் நடுவிலிருந்து தோளை நோக்கி முன்னுரிமைப்படி அடுக்கப்படும், அதாவது படம் பார்ப்பவருக்கு இடமிருந்து வலம். போர்ச் சேவைப் பதக்கங்கள் கிடைத்த கால வரிசையில் முதலில் வரும், நீண்ட சேவைப் பதக்கம் கடைசியில்.

காலர் சின்னம் சுலபமாக வசப்பட்டது. இரு பக்கமும் தீ கக்கும் கையெறிகுண்டு, கீழே ஒரு சிறு சுருள். இந்தக் குண்டு பல படைப்பிரிவுகளுக்குப் பொது. பீரங்கிப்படைக்கு உண்டு, பொறியாளர் படைக்கு உண்டு, பியூசிலியர் ரெஜிமெண்டுகளுக்கும் உண்டு. குண்டைப் பார்த்ததும் பீரங்கிப்படை என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். தீ நாக்குகளை எண்ண வேண்டும். பிரிட்டிஷ் அரச பீரங்கிப்படைக்கு ஏழு, அரச பொறியாளர் படைக்கு ஒன்பது. இடது காலரில் ஒளி தெறித்து எண்ண முடியவில்லை. வலது காலரில் மூன்று முறை எண்ணினேன். இரண்டு முறை ஒன்பது, ஒரு முறை எட்டு. எட்டு என்று ஒரு கணக்கு கிடையாது. நாக்கு ஒன்று மங்கி மறையலாம், இல்லாத நாக்கு முளைக்காது. ஆகவே ஏழைத் தள்ளிவிட்டேன். தொப்பிச் சின்னமும் ஒத்துழைத்தது: நடுவில் வட்டம், சுற்றிலும் இலை வளையம், மேலே கிரீடம். பீரங்கிப்படையாக இருந்தால் அங்கே பீரங்கியே நின்றிருக்கும்.

கிரீடம் காலத்தையும் சொல்லும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்துச் சின்னங்களில் கிரீடத்தின் மேற்பகுதி பானை கவிழ்த்ததுபோல உருண்டு இருக்கும். 1952-ல் எலிசபெத் அரியணை ஏறியபின் வந்தவற்றில் வளைவு நடுவில் பள்ளமாக இறங்கி ஏறும். இந்தப் படத்தில் பள்ளம் தெளிவு. 1950களின் தொடக்கத்துக்குப் பிந்தைய படம் இது.

இங்கேயே அக்காவின் நேதாஜி கதைக்குச் சிக்கல் வந்துவிட்டது. அவரிடம் அப்போது சொல்லவில்லை. அப்பா பிறந்த ஆண்டு 1931 என்று அடையாள அட்டையில் இருந்தது. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். பன்னிரண்டு வயதுப் பையன்.

இனி நாடாக்கள். கறுப்பு வெள்ளையில் நிறம் எப்படி விழும் என்பது பிலிமைப் பொறுத்தது. எல்லா நிறமும் உணரும் பாங்குரோமாட்டிக் பிலிமில் சிவப்பு நடுத்தரச் சாம்பலாக வரும். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் நீலத்தையும் பச்சையையும் உணரும். சிவப்புக்கு அது குருடு, ஆகவே சிவப்பு கறுப்பாக விழும். சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்ற வசதிக்காகச் சில ஸ்டூடியோக்கள் இந்த வகையை நீண்ட காலம் விடாமல் வைத்திருந்தன. எந்தப் பிலிம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிச்சயமாக நிறம் தெரிந்த ஒரு பொருள் படத்தில் வேண்டும். இந்தப் படத்தில் அம்மாவின் நெற்றியில் இருந்தது.

“அம்மா சாந்துப் பொட்டு வைப்பாரா, குங்குமமா?”

“குங்குமம்தான். பத்துமலைக் குங்குமம் தவிர வேறு தொடமாட்டார்.”

படத்தில் அந்தப் பொட்டு கரித்துண்டு போலக் கறுத்திருந்தது. கண்ணின் கருமணியைவிடக் கொஞ்சமும் வெளுப்பில்லை. ஆர்த்தோ பிலிம். பொட்டு ஒன்றை மட்டும் நம்பிவிடக்கூடாது, மங்கலான வெளிச்சத்தில் பாங்குரோமாட்டிக்கிலும் குங்குமம் கறுக்கும். ஆனால் அம்மாவின் உதடும் அதே கறுப்பில் இருந்தது, அது போதும்.

அப்படியானால் மூன்றாவது நாடா, கறுப்பு நிறத்தில் இரு ஓரமும் வெள்ளையாகப் பளிச்சிட்டது, உண்மையில் சிவப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் இரண்டும் வெறும் சாம்பல். கண்ணுக்குக் கோடே இல்லை.

சாம்பலைப் பார்த்ததும் எனக்கு ஊகம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பொதுச் சேவைப் பதக்கங்கள் இரண்டு. 1918-ல் தொடங்கி 1962 வரையிலான பழையதற்கு ஊதா நாடா, நடுவில் பச்சைப் பட்டை. 1962-க்குப் பிந்தைய புதியதற்கும் அதே ஊதா, அதே பச்சை, ஆனால் பச்சை இரு ஓரங்களுக்குப் போய்விட்டது. எந்தக் களத்தில் சேவை என்பதைப் பதக்கத்தின் குறுக்குத் தகடு சொல்லும். பழையதில் ‘மலாயா’ என்ற தகடு அவசரகாலச் சேவைக்கு, 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை. அந்த ஜூன் 16 எங்கள் ஊருக்கு வெறும் தேதி அல்ல. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. லண்டனில் வரையறுத்த ஒரு பதக்கத்தின் தொடக்க நாள் எங்கள் ரப்பர் காட்டிலிருந்து கிடைத்தது. புதிய பதக்கத்தில் ‘போர்னியோ’ தகடு 1962 டிசம்பர் 24 முதல் 1966 ஆகஸ்டு 11 வரை, இந்தோனேசியாவுடனான மோதல் காலத்துக்கு.

ஊதாவும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும் என்பதுதான் கொடுமை. இதைச் சோதிக்க நாடாத் துண்டுகளைத் தபாலில் வாங்கினேன். இவை முழம் போட்டு விற்கும் சரக்குதான். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் வண்ணத்தில் படமெடுத்து, சிவப்பை நீக்கிப் பச்சை நீலத்தை மட்டும் கலந்து, ஆர்த்தோ பிலிம் பார்ப்பதுபோல மாற்றினேன்:

```
magick nada.jpg -color-matrix "0 .5 .5 0 .5 .5 0 .5 .5" ortho.png
```

கண் இடுக்கிப் பார்த்தால்தான் பச்சை கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. படத்தின் குறுணையில் அந்த வித்தியாசம் மூழ்கிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. நாடாவின் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. எனவே ஒவ்வொரு நெடுக்கு வரிசையிலும் உள்ள புள்ளிகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் குறுணை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கோடு மட்டும் மிஞ்சும். நாடாவை மட்டும் வெட்டி, கோடு செங்குத்தாக நிற்கும்படி சாய்வைத் திருத்தி, ஒரே வரி உயரத்துக்குச் சுருக்கி, வெளுப்பு கறுப்பை இழுத்துவிட்டு, மீண்டும் உயர்த்த வேண்டும்:

```
magick vettu.png -resize 180x1! -normalize -scale 180x60! kodu.png
```

சாய்வைத் திருத்தாமல் செய்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. இரண்டு பாகை திருப்பியபின் முதல் நாடாவில் நடுப்பகுதி வெளுத்து, இரு பக்கமும் கறுத்து வந்தது. நடுப் பச்சை. பழைய பதக்கம்.

சந்தோஷப்படுவதற்குள் ஒரு சந்தேகம். நாடா தகட்டின் மேல் சுற்றியிருக்கும்போது ஓரங்கள் உள்ளே வளைந்து நிழலாகும். அந்த நிழலும் ‘நடு வெளுப்பு, ஓரம் கறுப்பு’ என்றுதான் தெரியும். நான் பார்ப்பது பச்சைப் பட்டையா, வெறும் வளைவா? இரண்டாவது நாடாவைச் செய்து பார்த்ததும் விடை கிடைத்தது. அது நேர்மாறு, ஓரம் வெளுத்து நடு கறுத்திருந்தது. ஒரே வரிசையில், ஒரே விளக்கின் கீழ், ஒட்டி நிற்கும் இரண்டு நாடாக்களில் நிழல் ஒன்றில் ஓரத்திலும் மற்றதில் நடுவிலும் விழாது. இரண்டும் நேர்மாறாக இருப்பதே இரண்டும் உண்மை என்பதற்குச் சாட்சி. வரிசையும் பொருந்தியது, பழையது முதலில், புதியது அடுத்து. ஒற்றை நாடாவாக இருந்திருந்தால் தீர்ப்பே சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாவதுக்கு இரண்டு வேட்பாளர்கள். ராணுவத்தின் நீண்ட சேவை நன்னடத்தைப் பதக்கத்துக்குக் கருஞ்சிவப்பு நாடா, ஓரங்கள் வெள்ளை. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுப் பதக்கத்துக்கும் கருஞ்சிவப்பு, ஓரங்கள் வெள்ளை, ஆனால் நடுவில் கருநீலக் கோடுகள் இரண்டு. இரண்டுமே போர்ச் சேவைப் பதக்கங்களுக்குப் பின்னால்தான் வரும், ஆகவே இருக்கும் இடம் எதையும் தீர்க்காது. வாங்கிய முடிசூட்டு நாடாவை ஆர்த்தோவாக மாற்றி, மூலப்படத்தில் உள்ள அதே 190 புள்ளி அகலத்துக்குக் குறைத்து, அதே மங்கலையும் சேர்த்துப் பார்த்தேன். நீலக் கோடுகள் சிவப்பைவிட வெளுத்து, சராசரி எடுத்தபின் இரட்டைக் கீற்றாக நின்றன. அப்பாவின் மூன்றாவது நாடாவில் நடுப்பகுதி வழித்த கரும்பலகை. கோடு இருந்தால் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நீண்ட சேவைப் பதக்கம் என்று முடிவு செய்தேன்.

இந்தப் பதக்கத்துக்கு அந்தக் காலத்தில் 18 ஆண்டுகள் ஒழுங்கான சேவை வேண்டும். மடியில் இருக்கும் குழந்தை யார் என்று அக்காவைக் கேட்டேன். “என் கடைசித் தம்பி. 68-ல் பிறந்தவன், படத்தில் உட்காரத் தெரிந்திருக்கிறதே, ஒரு வயது இருக்கும்.” ஆக, படம் 1969 சுமாருக்கு. பதினெட்டைக் கழித்தால் அப்பா சேர்ந்தது 1951-க்குப் பிந்தாது. பதினெட்டு வயது நிறைந்தது 1949-ல். இந்த இரண்டு மூன்று ஆண்டு இடுக்கில்தான் அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் உள்ளூர்ச் சிப்பாயாகச் சேர்ந்திருக்கிறார். இப்படி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்க்கப்பட்டவர்கள் பிரிட்டிஷ் படைப்பிரிவின் அதே சின்னத்தைத்தான் அணிந்தார்கள். அதனால்தான் தமிழர் ஒருவரின் காலரில் ஒன்பது தீ நாக்கு.

நாடா மட்டும் சொல்லாத விஷயம் ஒன்றுண்டு. குறுக்குத் தகடு பதக்கத்தில்தான் இருக்கும், மார்பில் குத்தும் வெறும் நாடாவில் இருக்காது. பழைய ஊதா பச்சை நாடாவை பாலஸ்தீனத்தில் இருந்தவரும் அணிந்தார், சைப்பிரஸில் இருந்தவரும் அணிந்தார். ‘மலாயா’ என்பது என் அனுமானம்தான். ஆகவே பதக்கம் எங்கே என்று கேட்டேன். ஒன்று அடகில் போனது, ஒன்று யார் கையிலோ. ஒன்று மட்டும் ஜொகூரில் இருக்கும் கடைசித் தம்பியிடம். எந்தத் தம்பி என்று சொல்ல வேண்டியதில்லை. பதக்கத்தைத் துலக்காமல், அதன் வெளிவிளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பிரிட்டனின் இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்கள் பெயர் பொறிக்கப்படாமல் வந்தவை, அவற்றின் விளிம்பில் தேடிப் பயனில்லை. ஆனால் பொதுச் சேவைப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும்.

இரவு பத்தரைக்குப் படம் வந்தது. தகட்டில் போர்னியோ. விளிம்பில் ஏழெட்டு இலக்க எண், கோப்ரல், அப்பாவின் பெயர், பொறியாளர் படையின் ஆங்கில முதலெழுத்துகள் இரண்டு. ஸ்டூடியோ படத்தில் கையில் மூன்று பட்டை, சார்ஜன். விளிம்பில் இருப்பது பதக்கத்துக்குத் தகுதி பெற்ற காலத்துப் பதவி, ஆகவே போர்னியோவுக்கும் இந்தக் குழந்தைக்கும் நடுவே பதவி உயர்வு கிடைத்திருக்கிறது.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். நேதாஜி பகுதியைச் சொல்லும்போது முகம் சுருங்கியது.

“அப்படியானால் அப்பா பொய் சொன்னாரா?”

இல்லை என்றேன். பிரிட்டிஷ்காரன் நேதாஜி படையில் இருந்ததற்கு நாடா கொடுக்கமாட்டான், ஆகவே இந்த மார்பில் அது இல்லாததால் எதுவும் ஆகிவிடாது. அந்தப் படைக்குச் சிறுவர் பிரிவும் இருந்தது. பன்னிரண்டு வயதில் அவர் எங்காவது நின்று சல்யூட் அடித்திருக்கலாம். இந்தப் படம் அதைப்பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சபாவில் ரோடு போட்டதாகச் சொல்வார், நாங்கள்தான் அதைக் கதை என்று நினைத்தோம்” என்றார்.

அஞ்சலட்டையின் பின்புறம் மென்பென்சிலால் எழுதினோம். பேனா என்றால் மை முன்பக்கம் ஊறும். ‘அரச பொறியாளர் படை, சார்ஜன், சுமார் 1969. போர்னியோ: பதக்கத்தில் உள்ளது. மலாயா: ஊகம். 18 ஆண்டுச் சேவை: நாடாவைப் பார்த்துச் சொன்னது.’ அதற்குக் கீழே அக்கா தன் கையால் ‘நேதாஜி: அப்பா சொன்னது’ என்று சேர்த்துக்கொண்டார். சட்டம் போட்ட பெரிய படம் பழையபடி சுவருக்கு ஏறிவிட்டது, சிவப்பு மஞ்சள் பச்சை நாடாக்களோடு.